தனம் சொன்ன திருத்தம்

முல்லை மகளிர் குழுவின் சத்துமாவு லேபிளுக்கு மூன்றாவது பிரிண்ட் எடுத்த அன்று கோபி அண்ணா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பிரிண்டரிலிருந்து தாள் வந்ததும் எடுத்துப் பார்த்தார்.

"இது போன வாரம் நீ போட்ட டிசைனுதானே?"

"அதுல செவப்பு இருந்துது அண்ணா. இப்ப மஞ்சள்."

"அதுக்கு முன்னாடி?"

"பச்சை."

"அடுத்த வாரம் மறுபடியும் பச்சைக்கு வந்துடுவியா?" என்றவர் சிரித்தார். சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார். "வேதா, வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் மைதானத்துல மகளிர் குழுக்களோட கண்காட்சி. லேபிள் ஒட்டாத பாக்கெட்ட ஸ்டால்ல வெக்க விடமாட்டாங்க. வர திங்கட்கிழமை மதியம் வேலூர் பஸ்ல அச்சகத்துக்கு சிடி போயே ஆவணும். இது நீ தனியா செய்ற மொத வேல. முடிச்சா டிசைன்ல இரு. முடியலன்னா மறுபடியும் டைப்பிங் சீட்டுக்கே போயிடும்மா. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

அவர் ஒன்றும் நினைக்கமாட்டார் என்பதுதான் எனக்கு அதிக பயத்தைத் தந்தது.

2003-இல் கோபி அண்ணாவின் தட்டச்சு, டிசைன் கடையில் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில், இரண்டு கணினிகள். பகலில் அங்கே பயிற்சி. மாலையில் கணினி மையத்தில் வரைகலை வகுப்பு. முதலில் கேள்வித்தாள், மனு, பயோடேட்டா என்று தட்டச்சு மட்டும் செய்துகொண்டிருந்தேன். லேபிள் வேலை கைக்கு வந்தபோது என்னை விடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. முதல் டிசைனைப் போட மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். கேழ்வரகுக் கதிர் ஒன்றை நானே வரைந்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய கோப்பை அப்படியே வைத்துவிட்டு, புது எண் கொடுத்துத் தனியாகச் சேமித்தேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தேன். ஆனால் திருத்தங்கள் நிற்கவில்லை. நான் வரைந்தது நன்றாக இல்லை, அதை என் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாமல்தான் ஒவ்வொன்றாக மாற்றச் சொல்கிறார்கள் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

முதலில் வந்தவர் எழிலரசி. குழுவை நடத்தும் ஊக்குநர், பத்தாவது வரை படித்தவர். லேபிளில் வரவேண்டிய வாசகங்களை எழுதிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் ஜோதியம்மாள் வந்தார். பச்சை வேண்டாம், சிவப்பு போடு, குழுவின் பெயரைப் பெரிதாக்கு என்றார். லேபிளின் பின்பக்கம் முகவரியில் வெறும் 'மேல்சிறுப்பட்டு' என்று இருந்ததை விரலால் தட்டினார்.

"எங்க தெருவு பேரு எங்க?"

"ஊர் பேர் இருந்தா போதும்மா."

"போதும்னு நீ சொல்லாத பாப்பா. எங்க காலனியில ஒக்காந்துதான் வறுக்கறோம், அரைக்கறோம். மேல்சிறுப்பட்டு காலனின்னு எழுது."

எழுதினேன்.

மூன்றாவதாகக் கன்னியம்மாள் வந்தார். சிவப்பைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இன்னா பாப்பா இது, மொளகாத்தூள் மாதிரி? கொயந்தைக்கு கஞ்சி காச்சற மாவும்மா." மஞ்சளாக மாற்றச் சொன்னார். மாற்றினேன். அந்த மஞ்சள் பிரிண்டைத்தான் கோபி அண்ணா கையில் வைத்திருந்தார்.

அதை வாங்கிப் போகத் தனம் வந்தார். ஒல்லியான பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கையிலிருந்த பையைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கத்துக்குப் போனார். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார்.

"இந்தக் காலனின்ற வார்த்தைய எடுத்துடு."

"ஜோதியம்மாதான் போடச் சொன்னாங்க."

"அது அவங்க சொன்னது. இது நான் சொல்றது."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன். எங்கள் வீடு ஊருக்குள் இருக்கிறது. நிலம் இருக்கிறது. அந்த வார்த்தையை ஏன் எடுக்கவேண்டும் என்று அவரிடம் கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் கேட்கவில்லை. வார்த்தையைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு நொடி வேலை. அதைவிட எளிதான திருத்தம் அந்த லேபிளில் வந்ததே இல்லை.

அழித்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. "அக்கா, ஒவ்வொரு தபாவும் வேற வேற ஆளு வர்றீங்களே?"

"முறைம்மா. வெளிவேல எதுவானாலும் ஆளுக்கு ஒருதபா போவணும். பேங்க்குன்னாலும் அப்படித்தான், பிடிஓ ஆபீசுன்னாலும் அப்படித்தான். ஒருத்தியே போயிக்கினு இருந்தா மத்தவங்க எப்ப கத்துக்கறது? கொழு ஆரம்பிச்சப்பவே போட்ட ரூலு."

"இங்க வந்து சொல்ற திருத்தம் எல்லாம் குழுவுல பேசி முடிவு பண்ணதா?"

தனம் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். "பேசலயே. போயி பாத்துட்டு வான்னாங்க. பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம வந்தா, அப்புறம் எதுக்குடி பஸ்சுக்குக் காசு குடுத்துப் போனேன்னு கேக்க மாட்டாங்க?"

அவர் போன பிறகு நான்கு பிரிண்டுகளையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பிவைத்தேன். பன்னிரண்டு பேர் கொண்ட குழு. இப்படியே போனால் இன்னும் எட்டு பேர் வருவார்கள். ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் மாற்றிக்கொண்டே இருப்பேன். என் கதிர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். கொஞ்ச நேரம் இருந்தது.

எழிலரசிக்கு ஊரில் ஒரு கடை போன் வழியாகத் தகவல் சொன்னேன். அரைமணி கழித்து அவரே கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க ஒருத்தரே பாத்து ஓகே பண்ணிடுங்க. அதையே அச்சுக்குப் பிளேட் போட அனுப்பிடறேன்" என்றேன்.

"ஐயய்யோ, நான் பண்ணமாட்டேன். நான் ஒருத்தி முடிவு பண்ணா நாளைக்கே இதுக்கு எழிலரசி மாவுன்னு பேரு வெச்சிடுவாளுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க கூட்டம். நீ வா. எல்லாரையும் ஒக்கார வெச்சிக் கேளு. தீர்மானம் போட்டு அத்தினி பேரும் கையெழுத்து வெச்சிட்டா அப்புறம் ஒருத்தி வாயத் தொறக்க முடியாது."

இதைவிட நல்ல வழி இல்லை என்று கோபி அண்ணாவும் சொன்னார். "ஆனா கை வீசிட்டுப் போவாத. எது யாரு சொன்னது, எது மாறுச்சுன்னு தெளிவா வெச்சிக்கோ. இல்லன்னா நீதான் மாத்திட்டேன்னு உம்மேலயே திரும்பும்."

வியாழக்கிழமை முழுவதும் அதற்கே போனது. நான்கு பிரிண்டுகளையும் அட்டையில் ஒட்டினேன். ஒவ்வொன்றின் கீழும் ஸ்கெட்ச் பேனாவால் தேதி, வந்தவர் பெயர், அவர் சொன்ன மாற்றம் என்று எழுதினேன். மாலை வகுப்புக்கு அட்டைகளைக் கொண்டுபோயிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "கோர்ட்டுல கேஸா?" என்று கேட்டாள். அழகாக வந்திருப்பதாகவே நினைத்தேன்.

மேல்சிறுப்பட்டுக்குச் செங்கம் சாலையில் டவுன் பஸ் போகிறது. ஆசிரம நிறுத்தத்தில் வெள்ளைக்காரர்கள் இறங்கிவிட்டார்கள். ஊர் நிறுத்தத்தில் இறங்கி, கண்டக்டர் கை காட்டிய பக்கம் நடந்தேன். ஊரைத் தாண்டி ஒரு வாய்க்கால். அதற்கு அப்பால் காலனி. அங்கன்வாடிக் கட்டடத்தில் பாய் விரித்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அறையிலிருந்து வறுத்த கேழ்வரகின் வாசனை வந்தது. எனக்கு நாற்காலி போட்டார்கள். வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்தேன். டீ வந்தது. நான் குடிக்கிறேனா என்று இரண்டு மூன்று பேர் பார்ப்பது தெரிந்தது. குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது.

சேமிப்புப் பணம் வாங்கி முடித்ததும் எழிலரசி, "இப்ப லேபிளு" என்றார். நான் அட்டைகளைப் பாயில் வரிசையாக வைத்தேன். பன்னிரண்டு தலைகளும் குனிந்தன.

"தோ பாரு, நம்ம பேரெல்லாம் எழுதிக்கீது. படி எழிலு."

எழிலரசி தன் பெயர் இருந்த முதல் அட்டையை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார். "ஜோதியம்மாள். பச்சை வேண்டாம், சிவப்பு நிறம். குழுவின் பெயர் பெரிதாக. முகவரியில் காலனி சேர்க்கவேண்டும்."

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்று ஜோதியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கன்னியம்மாள். சிவப்பு வேண்டாம். மிளகாய்த் தூள் போல் இருக்கிறது."

சிரிப்பு வெடித்தது. "அடி கன்னி, ஜோதி காரம் உனுக்குத் தாங்கலையா?" என்று யாரோ கேட்க, "அவ வாயிலயே இருக்குது, லேபிள்ல வேற எதுக்கு?" என்றார் கன்னியம்மாள். ஜோதியம்மாளும் சிரித்தார். நிறத்தைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. மஞ்சள் என்று முடிவானது. குழுவின் பெயர் பெரிதாகவே இருக்கட்டும். கதிர் படம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. "நெல்லுன்னு நெனைச்சேன், அப்புறம் பாத்தா கேவுருதான்" என்றார் ஒருவர். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். நான்கு வாரம் நான் ஓடிய ஓட்டம் பாயில் உட்கார்ந்து பேசியதும் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு அட்டைதான் பாக்கி.

எழிலரசி அதை எடுத்தார். வாய் திறந்தவர், படிக்காமல் என்னைப் பார்த்தார். அப்போதுகூட எனக்குப் புரியவில்லை.

"இன்னா எழுதிக்கீது, படிடி" என்றார் ஜோதியம்மாள்.

"தனம்" என்றார் எழிலரசி. குரல் இறங்கியிருந்தது. "முகவரியில் காலனி என்ற சொல்லை எடுக்கவேண்டும்."

எல்லோர் கண்ணும் தனத்தின் மேல் போனது.

"நீயா சொன்னே?" ஜோதியம்மாள் தனத்தின் பக்கம் முழுதாகத் திரும்பினார். "இந்தப் பொண்ணுகிட்ட போயி? ஊருக்காரப் பொண்ணுகிட்ட? எங்க தெருவு பேர எடுத்துடும்மா, எங்களுக்கு அசிங்கமா கீதுன்னு சொன்னியா?"

"அசிங்கம்னு நான் சொல்லல."

"பின்ன எதுக்கு எடுக்கச் சொன்னே? பொறந்தது இங்க, வாக்கப்பட்டது இங்க. மாவு இங்க அரைக்கறது. பேரு மட்டும் வேணாமா?"

தனம் பாயின் ஓரத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் பேசினார்.

"சந்தைக்கு நீ வந்திருக்கியா ஜோதிக்கா? நான்தானே போறேன். இப்ப பாக்கெட்டுல கொழு சீலு குத்தி வெக்கறோம். அதுல இருக்குது இல்ல, அந்த வார்த்தை. எடுப்பாங்க. மோந்து பாப்பாங்க. வாசனை நல்லா கீதும்பாங்க. காசு எடுக்கப் போவாங்க. அப்புறம் பின்னாடி திருப்பிப் படிப்பாங்க. வெச்சிட்டுப் போயிடுவாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வெச்சிட்டுப் போயிடுவாங்க, அவ்ளோதான்."

"சீசன் டல்லுன்னு சொன்னியே" என்றார் எழிலரசி.

"இன்னான்னு சொல்றது?"

இதுவரை யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. கடையில் அவர் என்னெதிரே உட்கார்ந்திருந்தபோது 'ஏன் அக்கா' என்று இரண்டு சொல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அட்டையில் நான் எழுதியது அவர் பெயரும் அவர் சொன்ன மாற்றமும்தான். படித்தால், தெருவின் பெயரைச் சொல்லக் கூசுகிற ஒருத்தி என்றுதான் தோன்றும். கெட்டியான கறுப்பு எழுத்தில், கீழே கோடு வேறு போட்டிருந்தேன்.

ஏதாவது செய்யவேண்டும் என்று பதறினேன். "வேணும்னா அந்த வரிய மட்டும் ரொம்பச் சின்ன எழுத்துல போடறேன். இருக்கவும் இருக்கும், கண்ணுக்கும் படாது" என்றேன்.

ஜோதியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "கண்ணுக்குப் படாம போடறதுக்கு எதுக்குப் பாப்பா போடறது?"

அதன்பிறகு அவர்கள் பேசினார்கள். ஒருத்தர், எடுத்துடலாம், முதல்ல யாவாரம் நடக்கட்டும் என்றார். இன்னொருத்தர், இன்னிக்கு லேபிள்ல எடுத்தா நாளைக்கு ஸ்டால்ல நாம நிக்கறதையும் மறைக்கணும் என்றார். கன்னியம்மாள், "ஊருல எத்தினி பேரு இருக்காங்க, எல்லாருமா வெச்சிட்டுப் போவாங்க? வாங்கறவங்க வாங்கட்டும்" என்றார். ஒருமுறை தனத்துக்காக இரண்டு பேர் சண்டைக்கே வந்தார்கள். கடைசியில் கை தூக்கச் சொன்னார் எழிலரசி. வார்த்தை இருக்கவேண்டும் என்று ஒன்பது கைகள் உயர்ந்தன. தனத்தின் கை மடியில் இருந்தது.

"அடுத்த சந்தைக்கு நானும் வரேன் உன்னோட" என்றார் ஜோதியம்மாள். சமாதானமாகச் சொன்னாரா சவாலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

தீர்மானம் எழுதினார்கள். மஞ்சள் நிறம், பெரிய பெயர், கதிர் படம், காலனி முகவரி. இதற்குமேல் மாற்றம் என்றால் கூட்டத்தில்தான் பேசவேண்டும், தனி ஆள் போய்ச் சொன்னால் செய்யவேண்டாம் என்று நான் சொன்ன வரியையும் சேர்த்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தனமும் போட்டார். கிளம்பும்போது அவர் அருகில் போய், "அக்கா, நான் பேரை எழுதியிருக்கக் கூடாது" என்றேன்.

"நான் சொன்னதுதானே எழுதினே" என்றார். வறுத்த கேழ்வரகுத் தட்டுகளை அடுக்க உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் எல்லாம் தயாராக இருந்தது. வேலூரில் எங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்து சிதறிவிடும் என்பதால் அத்தனை எழுத்துகளையும் வடிவக் கோடுகளாக மாற்றினேன். தீர்மானத்தோடு ஒரு வரி விடாமல் ஒத்துப் பார்த்தேன். ஒருமுறை போதும், நான் மூன்றுமுறை பார்த்தேன். சிடியில் எழுதி உறையில் போட்டு மேசைமேல் வைத்தபோது கோபி அண்ணா ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"பாத்தியா, இதான் வழி. இனிமே எந்தக் கஸ்டமர் வந்தாலும் மொதல்ல யாரு முடிவு பண்றாங்கன்னு கேட்டுடு."

அப்போது மாடிப்படியில் தனம் வந்தார். அவர் முறை முடிந்துவிட்டது. குழு அனுப்பி வரவில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கோபி அண்ணா என்னைப் பார்த்தார். நீயே பேசு என்பதுபோல அடுத்த கணினிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

தனம் கேட்கப்போவது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போதே ஒத்திகை பார்த்துவைத்த பதிலைச் சொன்னேன். "அக்கா, தீர்மானம் போட்டாச்சு. அந்த வார்த்தைய இனிமே எடுக்க முடியாது."

"எடுக்கச் சொல்லல."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அத முன்னாடி போடு" என்றார்.

"எதை?"

"காலனின்றத. பின்பக்கம் வேணாம். முன்பக்கம், பேருக்குக் கீழயே போடு. பெருசா."

எனக்குப் புரியவில்லை. இந்தமுறை கேட்டேன். "ஏன்க்கா?"

அவர் சுவரில் ஒட்டியிருந்த கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துப் பாத்துட்டு வெக்கறாங்க இல்ல, அதான் தாங்கல. கையில எடுத்தா, வாங்கப் போறாங்கன்னு நெனைச்சிடறேன். பைக்குள்ள போடக் கவர்கூட எடுத்துடறேன். அப்புறம் திருப்பறாங்க. முன்னாடியே இருந்துட்டா எடுக்காமயே போயிடுவாங்க. எடுக்கறவ வாங்கறதுக்குத்தான் எடுப்பா. ஜோதிக்கா வந்து நின்னா ஒருவாரம் வருவா, ரெண்டு வாரம் வருவா. அப்புறம் நான்தானே நிக்கணும்?"

அந்த லேபிளுக்கு வந்த திருத்தங்களிலேயே காரணம் இவ்வளவு தெளிவாக இருந்தது இது ஒன்றுதான். முன்பக்கத்தில், குழுவின் பெயருக்கும் கதிருக்கும் நடுவில், இடம்கூட இருந்தது. நான் வேண்டுமென்றே விட்டுவைத்த வெற்றிடம் அது.

கடை போனில் எழிலரசிக்குத் தகவல் சொன்னோம். அவர் திருப்பிக் கூப்பிட்டபோது வேலூர் பஸ்ஸுக்கு ஒருமணி நேரம் இருந்தது. தனம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நல்லாத்தான் சொல்றா" என்றார். "ஆனா நான் சரின்னு சொல்ல முடியாது வேதா. பாதிப் பேரு கழனிக்குப் போயிட்டாளுங்க. எல்லாரும் சேர்ந்தாத்தான். நேத்து வரைக்கும் எடுன்னவ இன்னிக்கு முன்னாடி போடுன்றான்னு ஜோதி ஆடுவா. நீ சொல்லித்தானே ரூலு எழுதினோம்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தினா..."

"கண்காட்சி போயிடும்."

போனை வைத்தேன். தனம் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "ஒரு நிமிஷ வேலதானே?" என்று மட்டும் கேட்டார். "அன்னிக்கு எடுத்தப்ப பாத்தேனே."

"ஆமாக்கா. ஒரு நிமிஷம்தான்."

"செய்ய மாட்டே."

"நான் செஞ்சா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து மாத்தச் சொன்னாலும் செய்யணும். பன்னெண்டு பேர் கையெழுத்து."

"அதுல என் கையெழுத்தும் கீது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நினைவுபடுத்திக்கொள்வதுபோல் சொன்னார். பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "கண்காட்சியில எனுக்குத்தான் ஸ்டால் முறை. வந்து பாரு."

அவர் படியிறங்கிப் போனதும் கோபி அண்ணா நாற்காலியைத் திருப்பினார். "கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா சரியாச் சொன்னே. ஆறுமாசமா வேலை செய்றவனுக்கும் அந்தத் தைரியம் வராது. டைப்பிங் சீட்டுக்கு வேற பொண்ணப் பாத்துக்கறேன், நீ இங்கயே இரு." நான்கு வாரமாக நான் கேட்க ஏங்கிய வாக்கியம் அது. நன்றி அண்ணா என்றேன். தைரியமா அது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் எடுக்கச் சொன்னபோது கேள்வி கேட்காமல் எடுத்ததும் நான்தான். இன்று காரணம் கேட்டுவிட்டு முடியாது என்றதும் நான்தான்.

சிடியை வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, அச்சகத்தின் போன் நம்பரை உறைமேல் பெரிதாக எழுதியிருப்பதைக் காட்டிவிட்டு வந்தேன். கடையில் ஒரு லாட்ஜ்காரர் விசிட்டிங் கார்டுக்காகக் காத்திருந்தார். அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு லேபிள் கோப்பைத் திறந்தேன். பெயருக்குக் கீழே, வெற்றிடத்தில், தனம் சொன்னபடி அந்த வரியை வைத்தேன். பெரிதாக. மஞ்சளில் கறுப்பு. நன்றாகவே இருந்தது. அந்த இடம் அதற்காகவே இருந்ததுபோல் இருந்தது. புது எண் கொடுத்துச் சேமித்தேன்.

அடுத்த அச்சுக்கு இது ஆகுமா என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கேட்கலாம். ஆனால் கேட்பது நானாக இருந்தால், ஊருக்காரப் பொண்ணு எங்கள் தெருவின் பேரை நெற்றியில் ஒட்டப் பார்க்கிறாள் என்று ஜோதியம்மாள் சொல்வார். சொன்னால் தப்பில்லை. தனமே கேட்டால் அன்றைக்குப் போலவே எல்லோரும் அவர் பக்கம் திரும்புவார்கள். யார் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "ஏம்மா, கார்டுல லாட்ஜ் படம் போடலாமா, மலை படம் போடலாமா?" என்று லாட்ஜ்காரர் கேட்டார்.

"முடிவு பண்றது நீங்களா சார், வேற யாராவதா?" என்றேன். சரியான கேள்விதான். அதைக் கேட்ட என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.